செல்லையா எல்லா வரியையும் ஒரே ராகத்தில் பேசுகிறார்: நடிகருக்குக் குரல் குறிப்பு எழுதுவது எப்படி?

நெல்லைப்பேனா | புதன், இரவு 9:40

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். தேவி என்ற இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு அப்பாவின் பழைய மினி பஸ் வந்து சேர்கிறது. அதோடு செல்லையாவும் வந்து சேர்கிறார். அந்த பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்து செத்துப்போனவர், ஆனால் படிக்கட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். ஆட்டம் முழுக்க தேவி கூடவே வந்து குத்திக்காட்டிக்கொண்டே இருப்பார். அவள்மேல் பாசமும் உண்டு, வெளியே காட்டமாட்டார்.

குரல் கொடுப்பவர் அறுபது தாண்டிய மேடை நாடக நடிகர், எங்கள் ஊர்க்காரர். முதல் நாள் 212 வரி எடுத்தோம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "கிண்டலாக", "நக்கலாக", "எகத்தாளமாக" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாம் ஒரே ராகம். கடைசி எழுத்தை இழுத்து, மேலே தூக்கி, "ஆமாஆஆ" என்று. பத்து வரிக்கு மேல் என்னாலேயே கேட்க முடியவில்லை, ஆடுகிறவர் எப்படிக் கேட்பார்?

அண்ணாச்சிமேல் தப்பு சொல்ல மாட்டேன். நான் எழுதிக் கொடுத்ததைத்தான் செய்தார். வரும் சனிக்கிழமை மறுபடி ஸ்டூடியோ, நாலு மணி நேரம். குறிப்பை எப்படி எழுத வேண்டும்? உணர்ச்சி, வேகம், நிறுத்தம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இன்னொன்று, என் அப்பா வயசு ஆளிடம் "அண்ணாச்சி, மறுபடி" என்று சொல்லவே எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

---

சேலம்_சுந்தர் | புதன், இரவு 10:05

வாயசைவு ஒத்துவராததுதான் பிரச்சினை. நான் கதை சேனலுக்குக் குரல் கொடுக்கிறேன், முதலில் படத்தை ஓடவிட்டு அதைப் பார்த்துப் பேசினால் சரியாகிவிடும்.

நெல்லைப்பேனா | புதன், இரவு 10:11

இல்லை சுந்தர். செல்லையாவுக்கு முகமே கிடையாது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு நிழல், அவ்வளவுதான். வாயசைவுக் கவலை இல்லை.

---

ஹெட்செட்_ஹரி | புதன், இரவு 10:30

எண்ணில் எழுதுங்கள், குழப்பமே வராது. ஒவ்வொரு வரிக்கும் நொடி போடுங்கள். "2.5 நொடி, நடுவில் 0.4 நொடி நிறுத்தம், கிண்டல் 70 சதவீதம்" என்று. நடிகருக்கும் தெளிவு, உங்களுக்கும் கணக்கு.

டப்பிங்_ராஜி | புதன், இரவு 11:02

ஹரி, பாதி சரி. காட்சி ஏழு நொடியில் முடிகிறது என்றால் வரியும் அதற்குள் முடிந்தாக வேண்டும், அங்கே நொடி எழுதுவதுதான் நியாயம். ஆனால் 0.4 நொடி நிறுத்தம் என்று எழுதினால் நடிகர் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பார், எண்ணுவது குரலில் கேட்கும். எழுபது சதவீதக் கிண்டலை யாரும் பேச முடியாது. அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் உண்டா?

பேனா, டப்பிங்கிலும் குரல் இயக்கத்திலும் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். உங்கள் தாளில் இருந்து முதலில் எடுக்க வேண்டிய வார்த்தை "கிண்டலாக". அது நடிகருக்கு விளைவைத்தான் சொல்கிறது, செய்ய வேண்டிய வேலையைச் சொல்லவில்லை. விளைவைக் கேட்டால் ஒவ்வொருவரும் கைவசம் வைத்திருக்கும் ராகத்தை எடுத்துப் போடுவார்கள். மேடைக்காரர் என்றால் கடைசி வரிசைக்கும் கேட்கிற ராகம். அதுதான் உங்கள் "ஆமாஆஆ".

அதற்குப் பதில் செல்லையா அந்த வரியால் தேவியிடம் என்ன செய்யப் பார்க்கிறார் என்று ஒரு வினைச்சொல்லில் எழுதுங்கள். கிளப்பிவிடுகிறார். தட்டிக்கழிக்கிறார். மட்டம் தட்டுகிறார். தான் தோற்றதை மறைக்கிறார். பயத்தை மூடுகிறார். கேட்பவர் காதில் எல்லாமே கிண்டலாகத்தான் விழும், ஆனால் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது.

அடுத்து, இது தமிழுக்கே உரியது. நம் மொழியில் பாதிக் கிண்டல் சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது. "பெரிய டிரைவராக்கும்!" என்று எழுதிவிட்டால் அதைச் செய்தி வாசிப்பவர் வாசித்தாலும் குத்தும். "நல்லாத்தான் ஓட்டுத" என்பதில் "தான்" வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் குரலையும் வளைத்தால் பாயசத்தில் வெல்லம் போட்டு, அப்புறம் சர்க்கரையும் போட்ட மாதிரி. ஆக, உங்கள் வரிகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். சொல்லிலேயே குத்து இருந்தால் குறிப்பு "சாதாரணமாக, தகவல் போல". சொல்லில் ஒன்றுமே இல்லாத வரிகளில்தான் குரல் வேலை செய்ய வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால் போடுங்களேன், பார்ப்போம்.

---

நெல்லைப்பேனா | புதன், இரவு 11:20

தேவி பஸ்ஸை வயலுக்குள் இறக்கிவிட்டால் செல்லையா சொல்வது: "ரோடு அந்தப் பக்கம் இருக்கு தாயி."

டப்பிங்_ராஜி | புதன், இரவு 11:34

அருமையான வரி. இதற்கு நான் எழுதும் குறிப்பு: "வழி கேட்ட பயணிக்குச் சொல்வது போல, பொறுமையாக. உதவி செய்கிறார்." அவ்வளவுதான். எவ்வளவு மரியாதையோ அவ்வளவு குத்தும்.

---

கூத்துக்காரன் | வியாழன், காலை 6:50

விழுப்புரம் பக்கம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறேன். நீங்கள் சொல்லும் செல்லையா எங்கள் ஆள்தான். ராஜா "யார் என்று தெரிகிறதா?" என்று வந்து நிற்பார், கட்டியங்காரன் தெரியாத மாதிரி கேள்வி கேட்டே அவர் மானத்தை வாங்குவான். எங்களுக்கு யாரும் குறிப்பு எழுதித் தருவதில்லை. ஜனம் சிரித்தால் இழுப்போம், கொட்டாவி விட்டால் வெட்டுவோம். மிருதங்கக்காரர் ஒரு தட்டு தட்டினால் அதுதான் நிறுத்தம். உங்கள் அண்ணாச்சி முன்னால் பத்துப் பேரை உட்காரவையுங்கள், தானாக வரும்.

டப்பிங்_ராஜி | வியாழன், காலை 9:15

ஐயா, ஆள் ஒன்றுதான், பார்க்கும் திசைதான் வேறு. கட்டியங்காரன் ராஜாவைக் கேட்கிறான், பதில் ஜனத்துக்குப் போகிறது. அது நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும். செல்லையா பேசுவது ஒரே ஒருத்திக்கு, அதுவும் அவள் தோளுக்குப் பின்னால் இருந்து. பத்துப் பேரை உட்காரவைத்தால் அண்ணாச்சி அந்தப் பத்துப் பேருக்குத்தான் பேசுவார். நாம் கழற்ற நினைப்பதே அந்தப் பழக்கத்தைத்தானே.

பேனா, தாளில் "தூரம்" என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். காதோரம், பக்கத்து சீட், பின்படிக்கட்டில் இருந்து, இந்த மூன்று போதும். நான் பார்த்தவரை மேடைக்காரர்களுக்கு "குரலைக் குறையுங்கள்" என்றால் உயிரும் சேர்ந்து குறைந்துவிடும். "அவள் உங்கள் பக்கத்து சீட்டில் இருக்கிறாள்" என்றால் குரல் தானே இறங்கும்.

---

மதுரைவீரன்88 | வியாழன், மதியம் 1:20

இவ்வளவு எதற்கு? கவுண்டமணி மாதிரி பேசச் சொல்லுங்கள். யாருக்குத்தான் பிடிக்காது.

டப்பிங்_ராஜி | வியாழன், மதியம் 1:48

எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் எதிரே செந்தில் நிற்கிறார். திட்டு விழும்போது நாம் செந்தில் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். கேமில் அந்த இடத்தில் நிற்பது ஆடுகிறவர். எட்டு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார், ஒலியை அணைத்துவிடுவார். கூட வருகிற பாத்திரத்தின் கிண்டலில் "நானும் உன்கூட இந்த பஸ்ஸில்தான் இருக்கிறேன்" என்பது எப்போதும் அடியில் ஓட வேண்டும்.

---

மைக்முன் | வியாழன், மாலை 6:10

ஒலிப்பதிவாளர் பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. குத்தும் பெரும்பாலும் அங்கேதான். கிண்டல் என்றதும் நடிகர்கள் அலட்சியத்தைக் காட்ட மூச்சை விட்டுக்கொண்டே வரியை முடிப்பார்கள், கடைசிச் சொல் காற்றோடு போய்விடும். "இந்த ஊர்ல உன்னத் தவிர எல்லாருக்கும் வழி தெரியும்" என்பதில் "தெரியும்" கேட்கவில்லை என்றால் வரியே இல்லை. ஸ்டூடியோவில் ஹெட்போனில் நன்றாகத்தான் கேட்கும், தெரியாது. எஞ்சின் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டு, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள், அப்போது தெரியும். பேனா, உங்கள் பஸ் சத்தத்தை சனிக்கிழமை கையோடு கொண்டுபோங்கள். திருத்தும்போது "சத்தமாக முடியுங்கள்" என்று சொல்லாதீர்கள், கத்துவார். "கடைசிச் சொல் அவளுக்குக் கேட்டதா என்று பாருங்கள்" என்றால் போதும்.

இரண்டாவது, அடிக்கடி வரும் வரிகள். பஸ் எதிலாவது இடித்தால் செல்லையா ஏதாவது சொல்வார்தானே? ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை இடிப்பார்கள்?

நெல்லைப்பேனா | வியாழன், மாலை 6:25

நான் சோதித்தபோது ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை இடித்தேன். (ஓட்டத் தெரியாது.) அதற்கு மூன்று வரி எழுதியிருக்கிறேன். "பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு தாயி" என்பது அதில் ஒன்று.

மைக்முன் | வியாழன், மாலை 6:44

அப்படியானால் அந்த ஒரு வரியை மணிக்குப் பத்துத் தடவை கேட்பார்கள். நல்ல ஜோக் மூன்றாவது தடவையே கசக்கும். நான் செய்வது இது: முதல் இடிக்கு மட்டும் முழு வரி, நடித்து. அப்புறம் வருவதற்கு ஏழெட்டு துண்டுகள், அதில் பாதிக்குச் சொல்லே வேண்டாம். "ச்சு." "ம்ஹூம்." "ம்." ஒரு பெருமூச்சு. நம் ஊர் "ம்" ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பச் சண்டையையே நடத்தலாம். இந்தத் துண்டுகளுக்கு நடிப்பைக் குறைத்தே எடுங்கள், வடிவம் தெளிவாக இருக்கும் ஒலிதான் திரும்பத் திரும்ப வரும்போது காதில் மாட்டும். புரோகிராமரிடம் கடைசியாக ஒலித்த மூன்றும் உடனே திரும்ப வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

சும்மா சத்தம்தானே என்று இவற்றைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு ஒத்திப்போடாதீர்கள், களைத்த குரல் "ம்"மில்தான் முதலில் தெரியும். கத்துகிற வரிகள் இருந்தால் அவைதான் கடைசி.

---

குரல்வேலு | வியாழன், இரவு 8:30

மைக்குக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் பேசுகிறேன். தயவுசெய்து நாலு கட்டம் ஐந்து கட்டம் என்று தாளை நிரப்பாதீர்கள். வினைச்சொல், தூரம், வேகம், உணர்ச்சி என்று ஒரு வரிக்கு நாலு கட்டளை வந்தால் நான் தேர்வு எழுதுகிற மாதிரி ஆகிவிடுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் அதற்கு முன்னால் என்ன சொன்னாள்? கேம்களில் அதைத்தான் தருவதில்லை. என் வரிகள் மட்டும் வரிசையாக இருக்கும், தனியாக நின்று காற்றில் பதில் சொல்ல வேண்டும். எதற்குப் பதில் என்று தெரியாமல் எப்படிக் கிண்டல் வரும்?

இன்னொன்று. சில சமயம் இயக்குநர் தானே ஒருமுறை சொல்லிக்காட்டினால் ஐந்து நிமிஷம் மிச்சம். ராஜி அக்கா திட்டப்போகிறார்.

டப்பிங்_ராஜி | வியாழன், இரவு 9:00

முந்தைய வரி விஷயத்தில் நூற்றுக்கு நூறு. பேனா, தேவியின் வரியை மேலே போடுங்கள், முடிந்தால் ஸ்டூடியோவில் யாராவது அதை நிஜமாகவே படிக்கட்டும்.

சொல்லிக்காட்டுவதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் வேலு. சொல்லிக்காட்டினால் அவர் என் குரலை நகல் எடுப்பார். ஊர்ப் பெயர், பாடல் மெட்டு, ஒரு அசையில் தவறும் அழுத்தம் இதற்கெல்லாம் சரி.

குரல்வேலு | வியாழன், இரவு 9:07

நல்ல நடிகன் நகல் எடுக்க மாட்டான், உள்ளே இருக்கிற கருத்தை எடுத்துக்கொள்வான். சரி, விடுங்கள்.

---

நெல்லைப்பேனா | வியாழன், இரவு 10:15

ஒரு வரியை எடுத்து முயன்று பார்த்தேன். இது கேமில் மூன்று இடத்தில் வருகிறது, வேண்டுமென்றேதான் திருப்பி வைத்திருக்கிறோம்:

"ஆமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், முதலாளியம்மா."

செல்லையா அவளைச் சாதாரணமாக "தாயி" என்றும் "நீ" என்றும்தான் கூப்பிடுவார். "நீங்க", "முதலாளியம்மா" எல்லாம் குத்தலுக்கு மட்டும்.

முதல் இடம். தேவி: "எனக்கு வழி தெரியும்." தப்பான வழியில் திரும்புகிறாள். என் குறிப்பு: தட்டிக்கழிக்கிறார். பக்கத்து சீட். வேகமாக.

இரண்டாவது. தேவி: "பெல்ட்டுதான் போயிருக்கு, எஞ்சின் இல்ல." அவள் சொன்னதே சரி, செல்லையா தோற்றுவிட்டார். குறிப்பு: உள்ளே பெருமை, அதை மறைக்கிறார். மெதுவாக.

மூன்றாவது. தேவி: "பஸ்ஸ வித்துடலாம்னு இருக்கேன்." குறிப்பு: சோகமாக, உடைந்து, நீண்ட நிறுத்தம்.

டப்பிங்_ராஜி | வியாழன், இரவு 10:50

முதல் இரண்டும் நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள். "வேகமாக", "மெதுவாக" மட்டும் உதவாது. வேகமாக என்றால் பலருக்குச் சுருதியும் மேலே ஏறும், மெதுவாக என்றால் உயிரெழுத்தை இழுப்பார்கள், உங்கள் பழைய ராகம் திரும்பி வரும். காரணத்தைக் கொடுங்கள். முதல் இடத்துக்கு: "அடுத்த ஸ்டாப் வந்துவிட்டது, விசில் அடிக்க வேண்டும், வாய் மட்டும் இவளுக்குப் பதில் சொல்கிறது." வேகம் தானாக வரும், "முதலாளியம்மா" மேல் ஒரு அழுத்தமும் விழாது, அதுதான் வேண்டும். இரண்டாவதுக்கு: "சில்லறை எண்ணிக்கொண்டே சொல்கிறார், எண்ணிக்கை ஒரு இடத்தில் தவறுகிறது." எங்கே தவறுகிறது என்பதை அண்ணாச்சியிடமே விடுங்கள். அநேகமாக "சரியாத்தான்"க்கு முன்னால் வந்து நிற்பார்.

மூன்றாவதில் "சோகமாக, உடைந்து" இரண்டையும் அடித்துவிடுங்கள். அழும் செல்லையா வேண்டாம். இருபது வருஷமாகக் குத்திப் பேசிப் பழகின ஆளுக்கு அன்றைக்கும் அந்த ஒரு வழிதான் தெரியும், அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. குறிப்பு: "வழக்கம்போல் கிண்டல் செய்யத்தான் ஆரம்பிக்கிறார். நடுவில் அது நிஜமாகிவிடுகிறது. அவள் சொல்வது சரிதான் என்று அவருக்கே தெரிகிறது." முதல் இடத்தில் எடுத்த அதே சாயலில் தொடங்கட்டும். "இருக்கும்" வரைக்கும் வந்து நிற்கட்டும். வரி முடிந்துவிட்டது என்று ஆடுகிறவர் நினைக்கிற அளவுக்கு. அப்புறம் "முதலாளியம்மா". அந்தச் சொல் அன்றைக்கு முதல் தடவையாக நிஜமான அர்த்தத்தில் வருகிறது, பஸ் அவளுடையது.

மைக்முன் | வியாழன், இரவு 11:05

அந்த நிறுத்தத்தைக் கெடுக்க இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் எடிட்டர், வெற்றிடத்தைப் பார்த்தால் கத்தரிப்பார். பேச்சில்லா இடத்தை வெட்டும் தானியங்கி வேலையை இந்த ஒரு கோப்புக்கு நிறுத்திவையுங்கள். இன்னொருவர் வசன எழுத்து. திரையில் முழு வரியும் ஒரேயடியாக வந்துவிட்டால் "முதலாளியம்மா"வைக் கண் முதலிலேயே படித்துவிடும், அண்ணாச்சி நிறுத்தியது வீண். எழுத்தை இரண்டாக உடைத்து, இரண்டாவதைக் குரலோடு வரச் சொல்லுங்கள்.

கோப்புப் பெயரிலும் காட்சி வரட்டும். மூன்றும் ஒரே வாசகம், நாளைக்குக் குழம்பும்:

```
chellaiah_wrongturn_014_t03.wav
chellaiah_fanbelt_087_t02.wav
chellaiah_sellbus_201_t05.wav
```

கூத்துக்காரன் | வெள்ளி, காலை 6:30

கையில் நிஜச் சில்லறையைக் கொடுங்கள். வேஷம் கட்டினால்தான் குரல் வரும்.

மைக்முன் | வெள்ளி, காலை 8:00

ஐயா, என் மைக்கை நினைத்துப் பாருங்கள். சில்லறை சத்தம் வசனத்தின் மேல் விழுந்தால் பிரிக்க முடியாது. வெறும் விரலால் எண்ணட்டும்.

---

நெல்லைப்பேனா | சனி, இரவு 10:40

முடிந்தது. 212-இல் 160 வரி திரும்ப எடுத்தோம், மீதி இன்னொரு நாள்.

தேவியாக நடிக்கும் பெண்ணையே வரவழைத்து எதிர் வரிகளைப் படிக்கச் சொன்னேன். பாதி வரிகளுக்குக் குறிப்பே தேவைப்படவில்லை. வேலு சார், நன்றி.

"ரோடு அந்தப் பக்கம் இருக்கு தாயி" வரிக்கு "பயணிக்கு வழி சொல்வது போல" என்றதும் அண்ணாச்சி கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிஷம் அவ்வளவு பணிவாகச் சொன்னார், உள்ளே நாங்கள் மூன்று பேரும் விழுந்து சிரித்தோம். அங்கே ஒரு தப்பு நடந்தது. பேசும் பொத்தானை அழுத்தாமல் சிரித்தோம். அவருக்குச் சத்தம் கேட்காது, நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஆடுவது மட்டும் தெரிகிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்து முகம் வாடி, அடுத்த நாலு வரியும் செத்துப்போயிற்று. டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு எடுப்பு முடிந்ததும் உடனே பொத்தானை அழுத்தி "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றோ "ஒண்ணே ஒண்ணு மாத்திப் பாக்கலாமா" என்றோ சொல்லிவிட்டேன். ஒரு எடுப்புக்கு ஒரு மாற்றம் மட்டும். வாய் வராத கூச்சம் மதியத்துக்குள் போய்விட்டது.

பஸ் சத்தத்தோடு கேட்டதில் பதினொரு வரியில் கடைசிச் சொல் காணாமல் போயிருந்தது. அங்கேயே திரும்ப எடுத்தோம்.

மூன்றாவது "முதலாளியம்மா" ஆறு தடவை எடுத்தோம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, நிறுத்தம் சின்னது, குரல் காய்ந்துபோய் இருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் ஐந்தாவது என்கிறார்கள். அதில் நிறுத்தத்துக்குள் அண்ணாச்சி தெரியாமல் ஒரு எச்சில் விழுங்குகிறார், அது பதிவாகிவிட்டது. இரண்டையும் கீழே இணைத்திருக்கிறேன்.

மைக்முன் | சனி, இரவு 11:15

எச்சில் சத்தம் எனக்கு அழுக்கு மாதிரி கேட்கிறது. இரண்டு.

டப்பிங்_ராஜி | சனி, இரவு 11:21

அந்த எச்சிலை வெட்டினால் நான் ஊருக்கே வந்து சண்டை போடுவேன். ஐந்து.

குரல்வேலு | சனி, இரவு 11:40

அண்ணாச்சியைக் கேட்டீர்களா?

நெல்லைப்பேனா | ஞாயிறு, காலை 7:05

இப்போதுதான் போனில் கேட்டேன். "ஆறாவதுல என்னடே குத்தம்?" என்கிறார்.